கடை எரிந்த பிறகு வரும் ஐந்து மாதங்கள்

கடை எரிந்தால் நஷ்டம் இரண்டு. கருகிய சரக்கும் இடிந்த சுவரும் உருகிய விசிறியும் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். மறுநாள் காலையில் எண்ணியே சொல்லிவிடலாம். அடுத்தது அன்று தெரியாது. கடை பூட்டிக் கிடக்கும் மாதங்களில் வராமல் போகும் விற்பனையும், விற்பனையே இல்லாதபோதும் நிற்காமல் ஓடும் சம்பளமும் வட்டியும் வாடகையும் சேர்ந்தது அது. சிறுநகரக் கடைகளை இரண்டாவது நஷ்டம்தான் மூடவைக்கிறது என்பது என் கருத்து. சரக்குக்குப் பணம் வந்த கடைகூட, அந்தப் பணத்தில் பாதியைச் சம்பளத்துக்கும் வட்டிக்கும் தின்னக் கொடுத்துவிட்டு, மறுபடி சரக்கு போட வழியில்லாமல் நிற்கும்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பது முதல் நஷ்டத்துக்கான பாலிசி மட்டும். அதையும் பலர் வங்கி கேட்டதால்தான் எடுத்திருப்பார்கள். சரக்கின் மேல் ஓவர்டிராஃப்ட் கொடுத்த வங்கிக்குத் தன் அடமானம் பத்திரமாக இருந்தால் போதும். கடையின் வருமானத்தைப் பற்றி அது கேட்பதில்லை. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சொத்துள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி கட்டடத்துக்கும் சாமான்களுக்கும் சரக்குக்கும் உரியது. வருமான இழப்பும் காலதாமதத்தால் வரும் இழப்பும் அதன் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு ‘ஃபயர் லாஸ் ஆஃப் பிராஃபிட்’ என்று வழங்கும் பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும்.

அந்தப் பாலிசி பணத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைச் செஞ்சி கடைவீதியில் ஒரு துணிக்கடையை வைத்துப் பார்க்கலாம். கடையும் அதன் கணக்கும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஊரும் பண்டிகைத் தேதிகளும் பாலிசியின் விதிகளும் உள்ளபடியே இருக்கின்றன.

செஞ்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், சுற்றுக் கிராமங்களின் நெல்லும் மணிலாவும் விலையாகும் சந்தை ஊர் இது. விவசாயி கையில் பணம் வரும் காலமும் தீபாவளி, பொங்கலும்தான் இங்கே துணி வியாபாரத்தைத் தீர்மானிக்கின்றன. அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க வரும் கூட்டமும் கார்த்திகை தீபத்துக்குப் போகும் கூட்டமும் இந்த ஊர் வழியாகத்தான் கடக்கின்றன. ஆண்டு முழுக்க ஒரே சீராக விற்கும் கடை இங்கே அபூர்வம். எந்த மாதம் எரிந்தது என்பதே நஷ்டத்தில் பாதியை முடிவு செய்துவிடும்.

நம் கடையின் 2023–24 கணக்கு இது. ஜி.எஸ்.டி. நீங்கலாக விற்பனை 240 லட்சம். ஆண்டுத் தொடக்கத்தில் சரக்கு 60 லட்சம், கொள்முதல் 180 லட்சம், ஆண்டு முடிவில் சரக்கு 66 லட்சம். விற்பனை கூடினால் கூடி, குறைந்தால் குறையும் செலவு, அதாவது பை, பேக்கிங், விற்பனைக் கமிஷன், ஆர்டருக்குத் தைக்கும் கூலி ஆகியவை 6 லட்சம்.

பாலிசி இவற்றிலிருந்து தனக்கென்று ஒரு மொத்த லாபத்தை வரையறுத்துக்கொள்கிறது. விற்பனையோடு இறுதிச் சரக்கைக் கூட்டினால் 306 லட்சம். தொடக்கச் சரக்கு, கொள்முதல், விற்பனையோடு ஏறி இறங்கும் அந்த 6 லட்சம் மூன்றும் சேர்ந்து 246 லட்சம். கழித்தால் 60 லட்சம். விற்பனையில் இது 25 சதவீதம். இந்தச் சதவீதமே பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அச்சு.

இந்த 60 லட்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கடை வாடகை ஆண்டுக்கு 9.6 லட்சம், ஊழியர் சம்பளம் 21.6 லட்சம், வங்கி வட்டி 7.2 லட்சம், மின்சாரம், தொலைபேசி, ஆடிட்டர் கட்டணம் போன்றவை 3.6 லட்சம். ஆக மொத்தம் 42 லட்சம், மாதத்துக்கு மூன்றரை லட்சம். மீதி 18 லட்சம் கடைக்காரரின் நிகர லாபம். விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய செலவும் நிகர லாபமும் சேர்ந்ததே பாலிசியின் மொத்த லாபம். ஆகவே கிளெய்ம் எழுதும்போது, போன லாபத்தைத் தனியாகவும் கொடுத்த சம்பளத்தைத் தனியாகவும் கேட்டால் ஒரே தொகையை இருமுறை கேட்டதாகிவிடும். லாபம் போனதற்கான தொகைக்குள்ளேயே சம்பளமும் அடங்கியிருக்கிறது.

விற்பனையை அளவுகோலாகக் கொண்டு இழந்த லாபத்தை அளக்கும் இந்த முறை 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருப்பெற்றது. அதற்குக் காரணமானவராகச் சொல்லப்படும் லுடோவிக் மான் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். தொல்லியல் ஆய்வாளராகவும் பெயர் பெற்றவர். அவர் பிடித்துக்கொண்ட விஷயம் எளிமையானது. லாபம் எவ்வளவு போனது என்று யாரும் நேரடியாகப் பார்க்க முடியாது. விற்பனை எவ்வளவு குறைந்தது என்று ஏட்டில் பார்க்கலாம். குறைந்த விற்பனையைப் பழைய லாப விகிதத்தால் பெருக்கினால், போன லாபம் கிடைத்துவிடும். இன்றைக்கு இந்தியப் பாலிசிகளும் இதையே செய்கின்றன.

2024 செப்டம்பர் 30 இரவு கடையில் தீ என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் பண்டிகைச் சரக்கு வந்து இறங்கியிருக்கும் நேரம். கடைக்காரர் அக்டோபர் 12-ஆம் தேதி திண்டிவனம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடிக்கிறார். ரேக், விளக்கு, ஜெனரேட்டர், இரவுக் காவல், ஊர் ஊராக ஆட்டோவில் மைக் விளம்பரம், எல்லாம் சேர்த்து ஜனவரி முடிய 6 லட்சம் செலவு. மண்டபத்தில் 60 லட்சத்துக்கு விற்கிறார். பிப்ரவரி 1-ஆம் தேதி பழைய கடை திறக்கிறது. அந்த மாதம் 12 லட்சம் விற்பனை. மார்ச்சில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆக, தீயின் பாதிப்பு நீடித்த காலம் ஐந்து மாதம். அதில் நடந்த விற்பனை 72 லட்சம்.

தீ இல்லாவிட்டால் எவ்வளவு விற்றிருக்கும்? பாலிசி முதலில் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இதே காலப்பகுதியைப் பார்க்கச் சொல்கிறது. 2023 அக்டோபரில் 24 லட்சம், நவம்பரில் 38, டிசம்பரில் 18, 2024 ஜனவரியில் 27, பிப்ரவரியில் 13, மொத்தம் 120 லட்சம். இதைச் செந்தர விற்பனை என்று சொல்லலாம். ஆனால் சென்ற ஆண்டு மாதிரியே இந்த ஆண்டும் இருந்திருக்கும் என்று பாலிசி பிடிவாதம் பிடிப்பதில்லை. வியாபாரத்தின் போக்கையும், தீக்கு முன்போ பின்போ ஏற்பட்ட தனிச் சூழ்நிலைகளையும் கணக்கில் எடுத்து, தீ இல்லாதிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நியாயமான அளவுக்கு நெருங்கும்படி எண்களைத் திருத்த ஒரு விதி இருக்கிறது. நம் கடையில் 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 100 லட்சமும், 2024-இல் அதே ஆறு மாதத்தில் 110 லட்சமும் விற்றிருக்கிறது. பத்து சதவீத வளர்ச்சியை ஜி.எஸ்.டி. ரிட்டர்னே காட்டும். அதைச் சேர்த்தால் 120 லட்சம் 132 லட்சமாகும்.

திருத்த விதி எவ்வளவு அவசியம் என்பதைத் தீபாவளித் தேதியே காட்டிவிடும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. நம் கடை ஐந்து மாதம் பாதிக்கப்பட்டதால் இரண்டு ஆண்டின் தீபாவளியும் ஒப்பிடும் காலத்துக்குள் வந்துவிட்டன. கடை ஒரே மாதம் பூட்டியிருந்து நவம்பர் முதல் தேதி திறந்திருந்தால் நிலைமை வேறு. அக்டோபருக்கு எதிராகச் சென்ற அக்டோபரை வைத்தால் 24 லட்சம்தான்; வளர்ச்சியைச் சேர்த்தாலும் 26.4 லட்சம். உண்மையில் 2024 அக்டோபரில் போனது தீபாவளி வியாபாரம். சென்ற ஆண்டு அது நவம்பர்க் கணக்கில் விழுந்திருந்தது, வளர்ச்சியோடு 41.8 லட்சம். இந்த 15.4 லட்ச விற்பனை வித்தியாசம் 25 சதவீதத்தில் 3.85 லட்சம் ரூபாய். மாதத்துக்கு மாதம் இயந்திரம்போல ஒப்பிட்டுத் தயாரித்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் தொகை போனது போனதுதான். பஞ்சாங்கத்தைக் காட்டிக் கேட்டால் எந்த சர்வேயரும் மறுக்க முடியாது. நம் நாட்டில் எந்த லாப இழப்புக் கிளெய்மிலும் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு ஆண்டின் பண்டிகைத் தேதிகளைத்தான்.

இனிக் கணக்கு சுலபம். நடந்திருக்க வேண்டிய விற்பனை 132 லட்சம், நடந்தது 72 லட்சம், குறைவு 60 லட்சம். 25 சதவீதத்தால் பெருக்கினால் 15 லட்சம்.

மண்டபத்துக்கான 6 லட்சமும் கிடைக்கும். விற்பனை குறையாமல் காக்க மட்டுமே, தேவையான அளவில், நியாயமாகச் செய்த கூடுதல் செலவைப் பாலிசி ஏற்கிறது. ஆனால் அதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு: அந்தச் செலவால் காப்பாற்றப்பட்ட விற்பனைக்குரிய லாபத்தைத் தாண்டக் கூடாது. மண்டபத்தில் நடந்த 60 லட்ச விற்பனைக்கு 25 சதவீதம் 15 லட்சம். செலவு 6 லட்சம்தான், ஆகவே முழுதும் சேரும். கடை திறந்தபோது ஒரு லட்சம் கொடுத்து பேனரும் கேபிள் டி.வி. விளம்பரமும் செய்து, அதனால் இரண்டு லட்சத்துக்குத்தான் விற்பனை கூடியது என்றால், அந்த ஒரு லட்சத்தில் ஐம்பதாயிரம்தான் ஏற்கப்பட்டிருக்கும். எந்தச் செலவு எந்த விற்பனையைக் கொண்டுவந்தது என்று தனித்தனியே காட்டும்படி மண்டபத்துக்குத் தனி பில் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது.

மிச்சமானதைக் கழிக்க வேண்டும். எரிந்த கட்டடத்துக்கு நான்கு மாதம் வாடகை வேண்டாம் என்று கட்டட உரிமையாளர் விட்டுவிட்டால் 3.2 லட்சம் மிச்சம். பழைய கடையின் மின்கட்டணம் முதலியவற்றில் 40 ஆயிரம். ஆக 3.6 லட்சம். ஊழியர் சிலரை நிறுத்தியிருந்தால் அந்தச் சம்பளமும் இங்கே கழிந்திருக்கும். அதனால்தான் இந்தப் பாலிசி உள்ள கடைக்காரர் பழகிய விற்பனையாளர்களை வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. எந்த வாடிக்கையாளருக்கு எந்த ரகம் பிடிக்கும் என்று தெரிந்த ஆளை அனுப்பிவிட்டால், கடை திறக்கும்போது அவர் திருவண்ணாமலையில் வேறு கடையில் நிற்பார். சம்பளம் மொத்த லாபத்துக்குள் காப்பீடு செய்யப்பட்டிருக்கும்போது, அவரை வைத்திருப்பதற்கான பணம் இழப்பீட்டிலேயே இருக்கிறது.

15 லட்சமும் 6 லட்சமும் கூட்டி 3.6 லட்சத்தைக் கழித்தால் 17.4 லட்சம். இது சரிதானா என்று வேறு வழியில் சோதிக்கலாம். தீ இல்லாவிட்டால் 132 லட்ச விற்பனையில் மொத்த லாபம் 33 லட்சம். ஐந்து மாத நிலையான செலவு 17.5 லட்சம் போக, கையில் 15.5 லட்சம் நின்றிருக்கும். தீக்குப் பின் 72 லட்ச விற்பனையில் மொத்த லாபம் 18 லட்சம். மிச்சம் போக நிலையான செலவு 13.9 லட்சம், மண்டபச் செலவு 6 லட்சம், ஆக 1.9 லட்சம் நஷ்டம். 15.5 லட்சம் லாபத்திலிருந்து 1.9 லட்சம் நஷ்டத்துக்கு இறங்கிய தூரம் 17.4 லட்சம். இரண்டு வழியும் ஒரே எண்ணில் முடிகின்றன. கிளெய்ம் எழுதுபவர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டால், ஏதாவது விட்டுப்போனதா, இருமுறை சேர்ந்ததா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் நம் கடைக்காரருக்கு 17.4 லட்சம் கிடைக்காது. பாலிசி எடுத்தபோது அவர் ஆடிட்டரின் வியாபாரக் கணக்கைப் பார்த்து, அதில் ‘மொத்த லாபம்’ என்று இருந்த எண்ணை அப்படியே காப்பீட்டுத் தொகையாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கில் ஊழியர் சம்பளம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது; விற்பனையோடு ஏறி இறங்கும் 6 லட்சம் கழிக்கப்படவில்லை. 66 லட்சத்திலிருந்து 21.6 லட்சம் போய் 44.4 லட்சம். அவர் 44 லட்சத்துக்கு எடுத்தார். பாலிசி எதிர்பார்த்த தொகையோ வேறு. தீக்கு முந்தைய பன்னிரண்டு மாத விற்பனை 250 லட்சம். பத்து சதவீத வளர்ச்சியோடு 275 லட்சம். அதில் 25 சதவீதம் 68.75 லட்சம். தனக்குச் சாதகமாக வளர்ச்சியைச் சேர்க்கச் சொன்னவர், இங்கேயும் அதே வளர்ச்சியை ஏற்றாக வேண்டும். எடுத்திருக்க வேண்டியது 68.75, எடுத்தது 44. ரூபாய்க்கு 64 பைசா. ஆகவே கிளெய்மிலும் ரூபாய்க்கு 64 பைசாதான்: 11 லட்சத்து 13 ஆயிரத்து 600 ரூபாய். ஆறு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேல் அவர் கையிலிருந்து போகிறது. பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. ஆடிட்டர் ஏட்டின் மொத்த லாபமும் பாலிசியின் மொத்த லாபமும் ஒன்றென்று நினைத்தார், அவ்வளவுதான். பாலிசியை விற்ற ஏஜெண்ட் அன்றைக்கு ஆடிட்டரோடு பத்து நிமிஷம் பேசியிருந்தால் நேர்ந்திருக்காத இழப்பு இது. இத்தனை நுணுக்கமான வரையறையைக் கடைக்காரர் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

விற்பனையை வைத்து அளக்கும் முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. மண்டபத்தில் கூட்டம் சேர்க்க இருபது சதவீதத் தள்ளுபடியில் விற்றால், விற்பனைத் தொகை முழுதாக ஏட்டில் ஏறும். அதில் லாபம் மெலிந்திருப்பது சூத்திரத்துக்குத் தெரியாது. 60 லட்சத்துக்கு விற்றார், ஆகவே 15 லட்ச லாபத்தைக் காப்பாற்றினார் என்றே அது எடுத்துக்கொள்ளும். விற்பனையைக் காப்பதற்கென்றே விட்டுக்கொடுத்த தள்ளுபடி என்று காட்டி, அதையும் கூடுதல் செலவாகக் கேட்க வேண்டும். அதற்குத் தள்ளுபடிக்கு முந்தைய விலை பில்லில் தெரிய வேண்டும். புகை படிந்த புடவைகளைக் கழிவு விலையில் தள்ளிய விற்பனையையும் சாதாரண விற்பனையோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். கலந்துவிட்டால் ஒவ்வொரு கழிவுப் புடவையும் நஷ்டத்தைக் குறைத்துக் காட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஏடுதான். கடையோடு கணினியும் பில் புத்தகமும் எரிந்துபோனாலும், இன்றைக்கு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் மாதவாரி விற்பனை இருக்கிறது, வங்கியில் வரவு இருக்கிறது, ஆடிட்டரிடம் கணக்கின் பிரதி இருக்கிறது. பில் போடாமல் விற்ற விற்பனைக்கு மட்டும் எங்கும் சாட்சி இல்லை. ஏட்டில் காட்டாத விற்பனையில் காட்டாத லாபம் எவ்வளவு வந்திருந்தாலும், எரிந்த பிறகு அதைக் கேட்க வழி கிடையாது. சர்வேயர்களில் லாப இழப்புக்கென்று தனிப் பிரிவில் உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஃபயர் கிளெய்மைப் பார்க்க வந்தவரிடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.

கேட்க வேண்டிய இன்னொன்று, சொத்துப் பாலிசியின் கிளெய்ம் என்ன நிலையில் இருக்கிறது என்பது. எரிந்த பொருளுக்கான பாலிசி நடப்பில் இருந்து, அதன்கீழ் பணம் தரப்பட்டிருக்க வேண்டும் அல்லது பொறுப்பாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும்; அப்போதுதான் லாப இழப்புப் பாலிசி உயிர் பெறும். முதலாவது இழுத்தால் இரண்டாவதும் இழுக்கும். சரக்குக்குப் பணம் வராததால் கடை திறப்பதும் தள்ளிப்போகும். கையில் பணம் இல்லாததால் நீண்ட காலத்தைத் தீயின் விளைவு இல்லை என்று சொல்லி சர்வேயர் குறைக்கப் பார்ப்பதுண்டு. எனவே எந்தத் தேதியில் எதைக் கேட்டார்கள், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்ற கடிதப் போக்குவரத்தைச் சேர்த்து வைப்பது அவசியம். கணக்கில் சந்தேகமில்லாத பகுதிக்கு முன்பணம் கேட்டும் எழுதலாம்.

தீக்குப் பிறகு எத்தனை மாத இழப்பு வரை பாலிசி ஏற்கும் என்ற அதிகபட்ச ஈட்டுக் காலத்தை நம் கடைக்காரர் ஆறு மாதமாக எடுத்திருந்ததால் ஐந்து மாதமும் அதற்குள் அடங்கியது. மூன்று மாதமாக எடுத்திருந்தால் டிசம்பர் முடிவோடு கணக்கு முடிந்திருக்கும். பொங்கல் வியாபாரம் வெளியே நின்றிருக்கும். இந்தக் காலம் கட்டடம் எழும்ப ஆகும் காலத்தோடு முடிவதில்லை. போன வாடிக்கையாளர் திரும்பி வரும் வரைக்கும் வேண்டும். சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ‘சென்னை சில்க்ஸ்’ கட்டடம் 2017 மே 31-ஆம் தேதி பற்றிக்கொண்டபோது, ஒரு நாளைத் தாண்டி எரிந்து, ஒரு பகுதி சரிந்து, கடைசியில் முழுக் கட்டடத்தையும் இடித்தே ஆக வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு எரிந்த கடைக்கு ஆறு மாதம் எந்த மூலைக்கும் போதாது. பன்னிரண்டு மாதத்தைத் தாண்டி எடுத்தால் காப்பீட்டுத் தொகையையும் அந்த விகிதத்தில் உயர்த்த வேண்டும்.

அந்தத் தீயில் பக்கத்துக் கடைகளும் பாதிக்கப்பட்டன. அவற்றில் சரக்கு எரியவில்லை. சாலை அடைபட்டதால் வாடிக்கையாளர் வர முடியவில்லை. இத்தகைய கடைக்கு அடிப்படைப் பாலிசியில் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் சேதம் தன் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அண்டைக் கட்டடச் சேதத்தால் வழி அடைபடுவதற்கென்று தனி நீட்டிப்பு உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் செஞ்சி கடைவீதியில் யோசிக்காமல் எடுக்க வேண்டிய நீட்டிப்பு இது.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தொகுப்பின் பன்னிரண்டு இடங்களில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி இங்கே ஒரு விடுதியோ உணவகமோ எரிந்தால், சுற்றுலா வருகையால் வியாபாரம் கூடியிருக்கும் என்று உரிமையாளர் சொல்வார். திருத்த விதி அதற்கு இடமும் தருகிறது. ஆனால் பட்டியலில் சேர்ந்த செய்தி போதாது. தீக்கு முந்தைய மாதங்களில் அறை நிரம்பிய கணக்கு, கோட்டை நுழைவுச் சீட்டு விற்பனை, தீக்குப் பிறகும் திறந்திருந்த அக்கம்பக்கத்து விடுதிகளின் வியாபாரம் ஆகியவற்றை அடுக்கினால்தான் அந்தச் சதவீதத்தை சர்வேயர் எழுதுவார்.